தீபாவளிக் கடைசி ஆர்டர் தேதி: வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

ஓலைக்கொட்டான் | 14 செப்டம்பர் 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டில் இருந்தே தொழில் செய்கிறேன். பனை ஓலைக் கொட்டானில் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் வைத்துப் பரிசுப் பெட்டியாக அனுப்புகிறேன். நானும் மூன்று அக்காமாரும்தான். ஒரு நாளைக்கு 45 பெட்டி முடியும், அதற்கு மேல் முடியாது.

போன வருடம் அடிவாங்கினேன். அக்டோபர் 31 தீபாவளிக்கு "24ஆம் தேதிக்குள் ஆர்டர் செய்தால் தீபாவளிக்குள் வந்துவிடும்" என்று வாட்ஸாப்பில் போட்டேன். 23, 24 இரண்டே நாளில் 110 ஆர்டர் விழுந்தது. தூங்காமல் சுட்டு அனுப்பினோம். 17 பெட்டி தீபாவளி கழிந்து திரும்பி வந்தது. ஒன்றைத் திறந்தால் கொட்டான் மூடி பிளந்து, சீப்புச் சீடை மாவாகிக் கிடக்கிறது, அதிரசத்தின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. பணத்தையும் திருப்பிக் கொடுத்து, திரும்பி வந்த கூரியர் காசையும் நானே கட்டினேன்.

இந்த வருடம் அக்டோபர் 20, திங்கட்கிழமை தீபாவளி. கீழே உள்ளதை நாளை மறுநாள் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

> அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம். தீபத்திருநாள் நெருங்கி வருவதை முன்னிட்டு, அக்டோபர் 13ஆம் தேதிக்குள் ஆர்டர் செய்யும் அனைவருக்கும் தீபாவளிக்கு முன் பெட்டி வந்து சேரும் என்று உறுதி அளிக்கிறோம். கடைசி நேர நெரிசலைத் தவிர்க்க விரைந்து ஆர்டர் செய்யுங்கள். உங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்டுள்ளோம்.

13ஆம் தேதி சரியா? கூரியரில் கேட்டால் சென்னைக்கு இரண்டே நாள் என்கிறார்கள்.

---

திருப்பூர்_செல்வா | 14 செப்டம்பர், இரவு 10:15

13 ரொம்ப சீக்கிரம் அக்கா. தீபாவளி வியாபாரமே கடைசி வாரம்தான். சென்னைக்கு இரண்டு நாள் என்றால் 16 வரை தாராளமாக எடுக்கலாம். நான் பனியன் செட் அனுப்புகிறேன், போன வருடம் நான்கு நாள் முன்னால் அனுப்பினதெல்லாம் போய்ச் சேர்ந்தது.

ஒன்று மட்டும் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஒரே தேதி. ஊருக்கு ஒரு தேதி என்று அட்டவணை போட்டால் எவனும் படிக்க மாட்டான்.

---

பார்சல்மாமா | 14 செப்டம்பர், இரவு 11:02

கூரியர் ஹப்பில் 11 வருடம் இருந்தவன். செல்வா தம்பி சொன்ன நான்கு நாள் கணக்கு பனியனுக்குச் சரி. தீபாவளிக்கு அடுத்த நாள் வந்தாலும் பனியன் பனியன்தான். பூட்டிய வீட்டு வாசலில் தேன்குழல் நின்றால் அது வேறு கதை.

அம்மா, நீங்கள் 20ஆம் தேதியில் இருந்து பின்னால் எண்ணுகிறீர்கள். அங்கேதான் தப்பு. 20 திங்கள், 19 ஞாயிறு. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பாதிப் பேர் 17 வெள்ளி சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சிலர் வியாழன் ராத்திரியே. வீட்டில் ஆள் இருக்கும் கடைசி வேலை நாள் என்பது 16 வியாழன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு தீபாவளி 16ஆம் தேதி. காலண்டரில் என்ன போட்டிருக்கிறது என்பதைப் பார்க்காதீர்கள்.

போன வருடம் திரும்பி வந்த அந்த 17 பெட்டியின் சீட்டை எடுத்துப் பாருங்கள். "கதவு பூட்டியிருந்தது" என்று எத்தனையில் இருக்கிறது?

---

ஓலைக்கொட்டான் | 15 செப்டம்பர், காலை 6:20

சீட்டை எடுத்துப் பார்த்தேன் மாமா. 17இல் 12 கதவு பூட்டு. மூன்று ஆபீஸ் முகவரி, "அலுவலகம் விடுமுறை". இரண்டில்தான் உண்மையிலேயே தாமதம். நான் ஒரு வருடமாகக் கூரியர்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

பார்சல்மாமா | 15 செப்டம்பர், காலை 8:45

திட்டுவதற்கும் காரணம் இருக்கும், அது கிடக்கட்டும். இப்போது கணக்கைப் போடுவோம், சென்னைக்கு மட்டும்.

கையில் சேர வேண்டியது 16 வியாழன். சாதாரண நாளில் இரண்டு நாள். தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு நாளைச் சேருங்கள். ஏன் என்றால் லாரி தாமதமாவது கொஞ்சம்தான், ஹப்பில் இறக்கிப் பிரிக்கிற இடத்தில்தான் மலைமாதிரி குவியும். ஒரு நாள் வந்ததை அன்றே பிரித்து முடிக்க முடியாது, மிச்சம் அடுத்த நாள் வருவதன் அடியில் போய்விடும். ஆக நான்கு வேலை நாள். 16, 15, 14, 13. ஞாயிறு கணக்கில் இல்லை. அப்படியானால் 11 சனிக்கிழமை அனுப்ப வேண்டும்.

ஆனால் சனிக்கிழமை அனுப்பாதீர்கள். சனி சாயங்காலம் எடுத்த பெட்டி பல கிளைகளில் திங்கள் வரை அங்கேயே கிடக்கும். திங்கட்கிழமை எடுத்ததோடு சேர்ந்துதான் போகும். அதனால் 10 வெள்ளி மதியத்துக்குள் வண்டியில் ஏற வேண்டும்.

ஆர்டர் வந்து பெட்டி தயாராக உங்களுக்கு எத்தனை நாள்?

---

ஓலைக்கொட்டான் | 15 செப்டம்பர், காலை 9:10

கொட்டான் முன்னாலேயே முடைந்து வைத்துவிடுவோம். பலகாரம் சுட, ஆற, கட்ட மூன்று நாள். 10இல் அனுப்ப என்றால் 7, 8, 9 சுட வேண்டும். அப்படியென்றால் கடைசி ஆர்டர் 6 திங்கள்! நான் 13 என்று போட இருந்தேன்.

---

முத்து_97 | 15 செப்டம்பர், மதியம் 1:30

நல்ல இழை. சிவகாசியில் இருந்து மதுரைக்குப் பட்டாசு பார்சல் போட கடைசி தேதி எப்போது? மச்சானுக்கு அனுப்பணும்.

---

பார்சல்மாமா | 15 செப்டம்பர், மதியம் 1:50

தம்பி, பட்டாசைத் தபாலிலும் அனுப்பக்கூடாது, கூரியரிலும் அனுப்பக்கூடாது. தேதியே கிடையாது. மச்சானை நேரில் வந்து வாங்கச் சொல்லுங்கள்.

---

பெங்களூர்வாசி | 15 செப்டம்பர், மாலை 7:05

வாங்குகிற பக்கத்தில் இருந்து ஒன்று. போன வருடம் வேறொரு கடையில் "25க்குள் ஆர்டர்" என்று போட்டிருந்தார்கள். நான் 25 அன்று மெசேஜ் போட்டேன். பணம் 26 காலையில் அனுப்பினேன். அவர்கள் 26 என்று கணக்கு வைத்து, "உங்களுக்கு உறுதி இல்லை" என்றார்கள். மெசேஜ் போட்டால் ஆர்டர் இல்லையா?

அப்புறம் அத்தை 22ஆம் தேதியே மதுரைக்குப் போய்விட்டார். பெட்டி பெங்களூர் வீட்டுக்குப் போனது. என்னை யாரும் கேட்கவே இல்லை, கேட்டிருந்தால் மதுரை முகவரி கொடுத்திருப்பேன்.

---

பிழைதிருத்தி | 15 செப்டம்பர், இரவு 8:30

பெங்களூர்வாசி சொன்னது கடிதத்துக்கே உயிர். "கடைசித் தேதி" என்ற ஒரு சொல் நான்கு பேருக்கு நான்கு அர்த்தம். ஆர்டர் சொல்லும் நாளா, பணம் கட்டும் நாளா, நீங்கள் அனுப்பும் நாளா, கையில் வந்து சேரும் நாளா? நீங்கள் எழுதிய கடிதத்தில் "தீபத்திருநாள் நெருங்கி வருவதை முன்னிட்டு" என்பதற்கு ஒரு வரி போயிருக்கிறது. பணம் எப்போது கட்டினால் செல்லும் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. "என்றும் கடமைப்பட்டுள்ளோம்" கல்யாணப் பத்திரிகையில் வரும் வரி மாதிரி இருக்கிறது.

"உறுதி அளிக்கிறோம்" என்பதையும் எடுத்துவிடுங்கள் அம்மா. உங்கள் கையில் இருப்பது 10ஆம் தேதி வண்டியில் ஏற்றுவது வரைதான். அதை உறுதியாகச் சொல்லுங்கள். சேரும் நாளை "எதிர்பார்க்கிறோம்" என்று எழுதுங்கள். கையில் இல்லாததற்கு வாக்குக் கொடுத்துவிட்டுத்தானே போன வருடம் பணம் திருப்பினீர்கள்?

இன்னொன்று. ஆண்டையும் கிழமையையும் எழுதுங்கள். வாட்ஸாப்பில் எழுதியது சாவதில்லை. போன வருடக் கடிதத்தை யாராவது இந்த வருடம் முன்னனுப்புவார்கள், "24 வரை நேரம் இருக்கு" என்று உட்கார்ந்திருப்பார்கள்.

---

திருப்பூர்_செல்வா | 15 செப்டம்பர், இரவு 9:15

"எதிர்பார்க்கிறோம்" என்று எழுதினால் வாங்குகிறவன் பக்கத்துக் கடைக்குப் போவான். நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 6ஆம் தேதிக் கணக்கு சரிதான், பலகாரத்துக்கு என் கணக்கு ஆகாது என்று புரிகிறது. அப்படியே டெல்லி, மும்பைக்கும் 6 என்று போட்டுவிடுங்கள்.

---

பார்சல்மாமா | 15 செப்டம்பர், இரவு 10:20

டெல்லிக்கு 6 ஆகாது. காரைக்குடியில் இருந்து தரைவழியில் சாதாரணமாகவே ஐந்து நாள், சீசனில் மூன்று சேருங்கள், எட்டு வேலை நாள். மேலும் வடக்கே 18 சனிக்கிழமை தன்தேரஸ், அன்றைக்கே பண்டிகை ஆரம்பித்துவிடும். 16க்குள் சேர வேண்டும் என்றால் 7 செவ்வாய் அனுப்ப வேண்டும்.

அதற்கு முன் மூன்று நாள் சுட வேண்டும் என்றால் 3, 4, 6. ஞாயிறு 5 விடுமுறை. 1 புதன் ஆயுத பூஜை, 2 வியாழன் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும். அந்த இரண்டு நாள் நீங்களும் அடுப்பு மூட்டப் போவதில்லை, வண்டியும் வராது. ஆக வெளி மாநிலத்துக்குக் கடைசி ஆர்டர் செப்டம்பர் 30 செவ்வாய்.

ஒரே தேதி நல்லது என்று செல்வா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் தேதியைப் பண்டிகையோடு கட்டுங்கள். "ஆயுத பூஜைக்கு முந்தின நாள்" என்றால் மனதில் நிற்கும், 30 நிற்காது.

---

ஓலைக்கொட்டான் | 16 செப்டம்பர், காலை 5:50

அடுப்புப் பற்ற வைத்துவிட்டு எழுதுகிறேன். மாமா கணக்குப்படி பார்த்தால் ஒரு நல்ல விஷயம், வெளி மாநிலப் பெட்டி 3, 4, 6 சுடுகிறோம், தமிழ்நாட்டுப் பெட்டி 7, 8, 9 சுடுகிறோம். ஒன்றோடு ஒன்று மோதவில்லை. பெங்களூரைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாமா?

ஆனால் எனக்கு இன்னொரு பயம். போன வருடம் கடைசித் தேதி சொன்னதாலேயே 110 பேர் அந்த இரண்டு நாளில் வந்தார்கள். தேதி சொல்லாமல் இருந்தால் அவர்கள் பரவலாக வந்திருப்பார்களோ?

---

பார்சல்மாமா | 16 செப்டம்பர், காலை 7:30

பெங்களூர் சேர்க்கலாம், இரண்டு மூன்று நாள்தான்.

அந்தப் பயம் நியாயமானது. கடைசித் தேதி என்று ஒன்றைச் சொன்னால் கூட்டம் அங்கேதான் வந்து நிற்கும், ரேஷன் கடையில் மாதக் கடைசி மாதிரி. அதனால் தேதியோடு எண்ணிக்கையும் வையுங்கள். மூன்று நாளுக்கு 45 பெட்டி என்றால் 135. உடைசல், எண்ணெய் சரியில்லை, ஒரு அக்காவுக்கு உடம்பு சரியில்லை, இதற்கெல்லாம் 15 கழியுங்கள். 120. கையில் சுட வேண்டிய பாக்கி 120ஐத் தொட்டால் தேதி இருந்தாலும் அந்தச் சுற்று மூடியது. அதைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு யாரும் சண்டைக்கு வர முடியாது. வருவார்கள், ஆனால் குறைவாக வருவார்கள்.

---

டொரோண்டோ_கலா | 16 செப்டம்பர், மாலை 6:40

அக்கா, வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா? நான் கனடாவில். தங்கச்சி அமெரிக்காவில், அவளுக்கும் ஒன்று.

---

திருப்பூர்_செல்வா | 16 செப்டம்பர், இரவு 7:10

அமெரிக்காவுக்கு "பரிசு" என்று எழுதி அனுப்பிவிடுங்கள் அக்கா, 100 டாலர் வரை வரி கிடையாது.

---

பார்சல்மாமா | 16 செப்டம்பர், இரவு 8:00

அது ஒரு ஆள் இன்னொரு ஆளுக்குச் சும்மா அனுப்புவதற்கு. விற்ற பொருளைக் காசு வாங்கிக்கொண்டு "பரிசு" என்று எழுதினால் அது பொய்ச்சீட்டு. அதுவும் போகட்டும், ஆகஸ்ட் 29இல் இருந்து அமெரிக்காவில் சின்னப் பார்சலுக்கு இருந்த வரிவிலக்கே போய்விட்டது. நம்ம தபால்துறை முதலில் பொருள் பார்சலை நிறுத்தியது, ஆகஸ்ட் கடைசியில் அந்த 100 டாலர் பரிசையும் சேர்த்து நிறுத்திவிட்டது. தனியார் கூரியரில் போகும், ஆனால் இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி, அதன் மேல் கூரியர்க் கட்டணம். 900 ரூபாய்ப் பெட்டிக்கு அந்தப் பெண் என்ன கட்டப் போகிறாள் என்பதை இங்கே நான் சொல்ல மாட்டேன்.

கடிதத்தில் "இந்த வருடம் அமெரிக்காவுக்கு எடுக்கவில்லை" என்று ஒரே வரி. விளக்கம் வேண்டாம்.

---

பிழைதிருத்தி | 16 செப்டம்பர், இரவு 8:25

காரணம் ஒரு வரி சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. "எடுக்கவில்லை" என்று மட்டும் எழுதினால் போன வருடம் வாங்கினவர் மனம் கோணும்.

---

ஓலைக்கொட்டான் | 16 செப்டம்பர், இரவு 10:30

சிங்கப்பூர், மலேசியாவுக்குத் திருச்சி ஏஜெண்ட் வழியாக அனுப்புவேன். அங்கேயும் 20ஆம் தேதிதான் தீபாவளி. 24க்குள் ஆர்டர், 25, 26, 27 சுட்டு 29 அனுப்பலாம். கனடாவுக்கும் அதே சுற்று. ஆஸ்திரேலியா வேண்டாம் என்று விட்டேன், ஓலை என்றாலே தாவரப் பொருள் என்று அங்கே பிரித்துப் பார்க்கிறார்கள்.

அதிரசம்தான் இடிக்கிறது. தேன்குழல் காற்றுப் புகாமல் கட்டினால் 15, 20 நாள் நிற்கும். அதிரசம் எங்கள் வீட்டுப் பக்குவத்தில் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். சீக்கிரம் அனுப்பு என்கிறீர்கள், அனுப்பினால் தீபாவளியன்று அதிரசம் பழசு.

---

பிழைதிருத்தி | 17 செப்டம்பர், காலை 6:45

பாகு சரியாக எடுத்து, எண்ணெய் நன்றாகப் பிழிந்தால் இரண்டு வாரம் நிற்கும், என் மாமியார் செய்வார்.

---

ஓலைக்கொட்டான் | 17 செப்டம்பர், காலை 7:15

மாமியார் வீட்டில் டப்பாவைத் திறந்து திறந்து பார்ப்பார்கள் ஐயா. என்னுடையது மூடிய பெட்டியில் லாரியில் வேகிறது. தமிழ்நாட்டுப் பெட்டிக்கு மட்டும் அதிரசம், அதுவும் 9ஆம் தேதி சுட்டதாக. மற்றதில் மனகோலம் வைக்கிறேன்.

கடிதத்தை மாற்றி எழுதிவிட்டேன். பாருங்கள்.

> வணக்கம். இது 2025 தீபாவளிக்கான கடிதம் (அக்டோபர் 20, திங்கள்).
>
> தமிழ்நாடு, புதுவை, பெங்களூர்: அக்டோபர் 6 திங்கள் இரவு 8 மணிக்குள் பணம் வந்த ஆர்டர்கள். அக்டோபர் 10 வெள்ளி இங்கிருந்து கிளம்பும்.
>
> மற்ற மாநிலங்கள்: செப்டம்பர் 30 செவ்வாய், அதாவது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரவு 8 மணிக்குள். அக்டோபர் 7 கிளம்பும். அதிரசத்துக்குப் பதில் மனகோலம்.
>
> சிங்கப்பூர், மலேசியா, கனடா: செப்டம்பர் 24 புதன் இரவு 8 மணிக்குள். இதிலும் மனகோலம்தான். அமெரிக்காவுக்குத் தபால் நின்றிருப்பதாலும் வரி கூடியதாலும் இந்த வருடம் எடுக்கவில்லை.
>
> பெட்டி அக்டோபர் 16 வியாழனுக்குள் கையில் சேரும் என்று எதிர்பார்த்து அனுப்புகிறோம். கிளம்பும் தேதி எங்கள் பொறுப்பு. அந்தத் தேதியில் நாங்கள் அனுப்பாவிட்டால் முழுப் பணமும் திரும்பும்.
>
> நாங்கள் நான்கு பேர். ஒவ்வொரு சுற்றிலும் 120 பெட்டி முடிந்தால் தேதிக்கு முன்பே மூடிவிடுவோம்.
>
> ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும்: நீங்கள் கொடுக்கும் முகவரியில் எந்தத் தேதி வரை ஆள் இருப்பார்கள்? 16க்கு முன் ஊருக்குப் போகிறார்கள் என்றால் ஊர் முகவரியைக் கொடுங்கள்.

---

பெங்களூர்வாசி | 17 செப்டம்பர், காலை 9:00

கடைசிக் கேள்வி! இதைத்தான் கேட்டேன். நான் ஒன்று ஆர்டர் செய்கிறேன், மதுரை முகவரிக்கு.

---

பார்சல்மாமா | 17 செப்டம்பர், காலை 9:20

நன்றாக இருக்கிறது. அனுப்பும்போது ஒன்று கவனியுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகும். போன வருடம் ஒரே முறை வாங்கினவர் சேமித்திருக்க மாட்டார். அவருக்குத் தனியாக அனுப்புங்கள்.

---

டொரோண்டோ_கலா | 26 செப்டம்பர், காலை 7:30

அக்கா, இங்கே நேற்றில் இருந்து கனடா போஸ்ட் நாடு முழுக்க வேலைநிறுத்தம். என் பெட்டி தபாலிலா, கூரியரிலா?

---

ஓலைக்கொட்டான் | 26 செப்டம்பர், காலை 8:05

ஏஜெண்டைக் கேட்டேன், கடைசிக் கட்டம் அங்கே தபாலில்தான் கொடுப்பார்களாம். நல்லவேளை இன்னும் அனுப்பவில்லை. தனியார் கூரியருக்கு மாற்றினால் 640 ரூபாய் கூட ஆகிறது. பாதி நான் போடுகிறேன், பாதி நீங்கள். இதைக் கடிதத்தில் எழுத வழியே இல்லை.

---

திருப்பூர்_செல்வா | 3 அக்டோபர், இரவு 9:40

வெளி மாநிலம் எப்படிப் போனது அக்கா? "எதிர்பார்க்கிறோம்" என்று எழுதியதால் ஆர்டர் குறைந்ததா?

---

ஓலைக்கொட்டான் | 3 அக்டோபர், இரவு 10:10

வெளி மாநிலத்துக்கு 71 பெட்டி. போன வருடம் 80க்கு மேல். அந்தச் சொல்லால் குறைந்ததா, சீக்கிரம் மூடியதால் குறைந்ததா தெரியவில்லை தம்பி, நீங்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் 71 பேரில் 19 பேர் ஊர் முகவரிக்கு மாற்றினார்கள்.

---

ஓலைக்கொட்டான் | 6 அக்டோபர், இரவு 11:58

தமிழ்நாட்டுச் சுற்று 6:30 மணிக்கே 120 ஆகி மூடிவிட்டேன். இப்போது 11:52க்கு ஒருவர் பணத்தைப் போட்டுவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். "அம்மாவுக்கு அக்கா, ப்ளீஸ்" என்று. எடுக்கவா, திருப்பவா?

---

பார்சல்மாமா | 7 அக்டோபர், காலை 5:30

எந்த ஊர்?

---

ஓலைக்கொட்டான் | 7 அக்டோபர், காலை 5:41

மானாமதுரை.

---

பார்சல்மாமா | 7 அக்டோபர், காலை 5:44

அது கூரியரே வேண்டாம், பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் சாயங்காலம் போய்விடும். 17ஆம் தேதி சுட்டுக் கொடுங்கள். அதிரசமும் வைக்கலாம்.